இணையம் ஓடுகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை: போனில் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

உப்புவெளியில் இருக்கும் என் சித்தியின் போனில் வந்த கோளாறு இது. மட்டக்களப்பில் படிக்கும் மகள் அழைப்பெடுத்தால் ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்ற குரல்தான் வரும். சித்தி அழைப்பெடுத்தாலும் இரண்டு விநாடியில் தானாக வெட்டிக்கொள்ளும். ஆனால் அதே போனில் வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு நன்றாகப் போகும். நாலு கோடும் நிறைந்து, பக்கத்தில் 4ஜி என்று நிற்கும். “கவரேஜ் இருக்கிறதே தம்பி, பிறகு ஏன் கதைக்க முடியவில்லை?” என்று சித்தி கேட்டதில் நியாயம் இருந்தது.

காரணம் இதுதான். 4ஜி வலையமைப்பு தரவுக்காகவே கட்டப்பட்டது. 2ஜியிலும் 3ஜியிலும் இருந்ததுபோல, ஓர் அழைப்புக்கென்று தனிப் பாதை ஒதுக்கும் ஏற்பாடு அதில் கிடையாது. எனவே 4ஜியில் நிற்கும் போனுக்கு அழைப்பு எடுக்க இரண்டு வழிகள்தான். ஒன்று, குரலையும் தரவுப் பொதிகளாக்கி 4ஜியிலேயே அனுப்புவது. திரையில் VoLTE, HD Voice, 4G Calling என்றெல்லாம் வரும் சுவிட்ச் இதற்குரியது. மற்றது, அழைப்பு நேரத்துக்கு மட்டும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி, முடிந்ததும் 4ஜிக்கு ஏறிவருவது. இரண்டு வழியும் அடைபட்டால் இணையம் இருக்கும், அழைப்பு இருக்காது. சித்தியின் போனில் நடந்தது அதுதான்.

படி 1: அழைப்பெடுத்துக்கொண்டே மேலே பாருங்கள்

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. வைஃபையை நிறுத்திவிட்டு யாருக்காவது சாதாரண அழைப்பு எடுங்கள். மணி அடிக்கும்போது திரையின் மேல் விளிம்பில் உள்ள 4ஜி அடையாளத்தைக் கவனியுங்கள். அது 4G என்றே நின்றால், அல்லது பக்கத்தில் HD என்று தோன்றினால், குரல் 4ஜியில் போகிறது. 3G, H+, E என்று மாறினால் போன் கீழே இறங்கிக் கதைக்கிறது. இறங்குவதற்குச் சில விநாடிகள் பிடிப்பதால் மணி அடிக்கத் தொடங்கவும் தாமதமாகும். அடையாளம் அப்படியே நிற்க அழைப்பு வெட்டிக்கொண்டால், மேலே சொன்ன இரண்டு வழியும் அடைபட்டிருக்கக்கூடும்.

படி 2: வலையமைப்பு முறை

சித்தியின் போனில் 3ஜிக்கு இறங்கும் வழியை அடைத்தவன் பக்கத்து வீட்டுப் பையன். இணையம் வேகமாக வரும் என்று யூடியூப்பில் பார்த்து, மறைமெனு ஒன்றுக்குள் போய் LTE only என்று வைத்துவிட்டான். அந்தத் தேர்வு போனை 4ஜியோடு கட்டிப்போடும். 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்க விடாது. வேகம் கூடியதா என்று கேட்டேன், கூடியது என்கிறான். இரவில் 3ஜிக்குத் தாவாமல் இருந்தால் சில வீடுகளில் அப்படித் தெரிவது உண்மைதான். அழைப்பு போன கதை அவனுக்குத் தெரியாது.

போனின் வழக்கமான அமைப்புகளுக்குள் போய் இதைச் சரிசெய்யலாம். சாம்சங் போனில் பாதை இது:

```
Settings > Connections > Mobile networks > Network mode
LTE/3G/2G (auto connect)
```

மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
Settings > Network & internet > SIMs > Preferred network type
```

பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். பட்டியலில் 4ஜியோடு 3ஜி, 2ஜி எல்லாம் சேர்ந்திருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். 5ஜி போன் என்றால் அதையும் உள்ளடக்கிய வரி. இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. பிறகு விமான நிலையை இயக்கி, பத்துவரை எண்ணிவிட்டு நிறுத்துங்கள். போன் வலையமைப்பில் புதிதாகப் பதிவுசெய்துகொள்ளும்.

இதோடு சித்திக்கு அழைப்பு வரத் தொடங்கியது. 3ஜிக்கு இறங்கித்தான் வந்தது என்பதை மேல் அடையாளம் காட்டியது.

படி 3: VoLTE சுவிட்ச்

அடுத்தது, குரலை 4ஜியிலேயே அனுப்பும் வழி. மேலே சொன்ன அதே பக்கங்களில்தான் சுவிட்ச் இருக்கும். சாம்சங்கில் VoLTE calls SIM 1 என்று வரும். வேறு போன்களில் 4G Calling அல்லது Use VoLTE. ஐபோனில் செலுலர் அமைப்புக்குள் Voice & Data என்ற பகுதியைத் திறந்தால் தெரியும். இயக்கிவிட்டு, மீண்டும் விமான நிலை, மீண்டும் படி 1.

குரலில் வித்தியாசம் தெரியும். பழைய முறை அழைப்பில் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே போகும். உயர்தர அழைப்பில் அது 50 முதல் 7000 வரை விரியும். ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 3400க்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் பழைய முறையில் ஒரு பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. மறுமுனையில் இருப்பவரின் போனும் வலையமைப்பும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். இல்லாவிட்டால் குரல் பழையபடி ஒடுங்கிவரும். அது கோளாறு அல்ல.

சுவிட்சே காணவில்லை என்றால்? நம் ஊரில் இது நிறைய நடக்கிறது. வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் போனில், அந்த நாட்டு வலையமைப்புகளுக்கான விவரக்கோப்புகள் இருக்கும். இங்குள்ளவற்றுக்கு இல்லாமல் போகலாம். அப்போது VoLTE மறைந்துவிடும். போனின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் 3ஜி, 2ஜி வழியை நம்பியிருப்பதே மிச்சம். அப்படிப்பட்ட போனில் மறந்தும் LTE only வைக்காதீர்கள். மிகப் பழைய சிம்முக்கு, நிறுவனமே இந்தச் சேவையை இயக்கித் தரவேண்டியும் இருக்கலாம்.

சுவிட்ச் இயங்கியும் அழைப்பு 3ஜிக்கு இறங்குகிறதா? பதிவு நடந்ததா என்று பார்க்க, பல ஆண்ட்ராய்டு போன்களில் இதை டயல் செய்யலாம்:

```
*#*#4636#*#*
```

Phone information என்பதைத் திறந்து, மேல் மூலையின் மூன்று புள்ளிகளில் IMS Service Status என்பதைத் தட்டுங்கள். இந்த இரண்டு வரிகளும் இப்படி இருக்க வேண்டும்:

```
IMS Registration: Registered
Voice over LTE: Available
```

Not Registered என்று வந்தால் சுவிட்ச் காட்டுவது விருப்பத்தை மட்டும்தான், வலையமைப்பு அதை ஏற்கவில்லை. சாம்சங்கின் பல மாதிரிகளில் இந்த மெனு திறக்காது. பையன் LTE only வைத்ததும் இதே மெனுவில்தான். எனவே பார்ப்பதோடு வெளியே வந்துவிடுங்கள்.

படி 4: குரல் இயந்திரம்போல் கேட்டால்

மறுநாள் மாலை சித்தி மீண்டும் அழைத்தார். அழைப்பு வருகிறது, ஆனால் மகளுக்குத் தன் குரல் தகரத்தைத் தட்டியதுபோல் கேட்கிறதாம். சித்திக்கோ மகளின் குரல் தெளிவு. முன்னிருந்த கோளாறோடு இதைச் சேர்க்காதீர்கள், இதன் வேர் வேறு.

4ஜி அழைப்பில் குரல் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டப்படும். ஒரு விநாடிக்கு 50 துண்டுகள். ஒரு துண்டு வராவிட்டாலோ பிந்தி வந்தாலோ, கேட்கும் போன் முன் துண்டின் ஒலியை நீட்டி இடைவெளியை நிரப்பும். ஒன்றிரண்டு துண்டுகள் தொலைந்தால் காது கவனிக்காது. தொடர்ந்து தொலைந்தால் அதே ஒலியையே திரும்பத் திரும்ப நீட்ட வேண்டியிருக்கும். உலோகக் குரல் அங்கேதான் பிறக்கிறது. அதற்குமேலும் வராவிட்டால் மௌனம்.

எனவே முதல் கேள்வி, யாருக்கு அப்படிக் கேட்கிறது என்பதே. 4ஜியில் போனின் ஒலிபரப்பு வலு அதிகபட்சம் சுமார் 0.2 வாட். கோபுரம் பல வாட்டில் அனுப்பும். அதனால் அலை மெலிந்த இடத்தில் முதலில் உடைவது போனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் பாதை. உங்களுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டு, எதிர்முனைக்கு மட்டும் நீங்கள் இயந்திரமாகக் கேட்டால், சந்தேகம் நீங்கள் நிற்கும் இடத்தின் மேல் விழவேண்டும்.

அளந்து பார்க்கலாம். 4ஜியில் இருக்கும்போது, போனின் நிலை விவரங்களில் சிம் பகுதியைத் திறந்தால் Signal strength என்று ஓர் எண் இருக்கும். சித்தியின் விறாந்தையில் −96 dBm. கொங்கிறீட் கூரைக்குக் கீழே, குசினியை ஒட்டிய அறையில் −117. 21 டெசிபெல் வித்தியாசம் என்றால், அறைக்குள் வரும் அலை விறாந்தையில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. −100க்கு மேலே, அதாவது பூச்சியத்தை நோக்கி, இருந்தால் பெரும்பாலும் குறையில்லை. −110ஐத் தாண்டிக் கீழே போனால் குரல் உடையத் தொடங்கும் என்று வையுங்கள். கோடுகளை நம்பாதீர்கள், எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் இஷ்டப்படி வகுத்திருக்கிறது.

இப்படியான அறைக்கு இரண்டு மாற்று இருக்கிறது. வீட்டில் நல்ல வைஃபை இருந்து, சிம் நிறுவனமும் போனும் அனுமதித்தால் Wi-Fi Calling சுவிட்சை இயக்கலாம். அழைப்பு ரவுட்டர் வழியாகப் போகும். ஆனால் ரவுட்டர் தூரத்தில் இருந்தால் அங்கேயும் துண்டுகள் தொலையும், குரலும் அதே தகரம்தான்.

வைஃபை இல்லாவிட்டால் VoLTE சுவிட்சை நிறுத்திப் பாருங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையில் வரும் 2ஜி அல்லது 3ஜி சுவரை ஓரளவு எளிதாகக் கடக்கும். அப்போது குரல் ஒடுங்கியிருக்கும், ஆனால் அறுபடாது. 2ஜியில் இறங்கினால் பேசி முடியும்வரை அந்தச் சிம்மின் இணையம் நிற்கும். இந்த வழிக்கு அருகில் பழைய வலையமைப்பு உயிரோடு இருக்க வேண்டும், படி 2இல் சொன்ன தானியங்கி முறையும் இருக்க வேண்டும். VoLTE நிறுத்தமும் LTE only இயக்கமும் சேர்ந்தால் முதல் நாள் கோளாறு அப்படியே திரும்பி வரும்.

சித்தி வீட்டில் வைஃபை கிடையாது. VoLTEஐ நிறுத்தியதும் பின்னறையில் மகளுக்குக் குரல் நேராகப் போனது. ஆனால் சித்திக்கு அந்த மங்கிய குரல் பிடிக்கவில்லை. முதல் நாள் கேட்ட தெளிவு காதில் நின்றுவிட்டது. சுவிட்சைத் திரும்ப இயக்கச் சொன்னார். இப்போது மகளின் அழைப்பு வந்தால் அரிவாள்மனையை ஓரமாக வைத்துவிட்டு விறாந்தைக் கதிரைக்கு வந்துதான் பொத்தானை அழுத்துகிறார்.