சுவிஸ் மலைப்பாதைப் பலகையைப் படம் எடுத்து அனுப்புகிற பிள்ளைகளுக்கு

திருகோணமலையில் இருந்து சுவிசுக்குப் புதிதாகப் போன பிள்ளைகள், கோடை தொடங்கியதும் வாட்ஸப்பில் எனக்குப் பாதைப் பலகைகளை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். பேர்ணில் நெடுங்காலம் இருந்துவிட்டு உப்புவெளிக்குத் திரும்பியவன் நான். அதனால் ஜெர்மன் எழுத்து தெரிகிற படம் எதுவென்றாலும் எனக்குத்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் களைத்துப்போய், இதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மருமகன் ஒருவன் கண்டர்ஷ்டேக் என்ற ஊரில் இருந்து இரண்டு படம் அனுப்பினான். ஒன்று ஊர் நடுவில் நின்ற வரைபடப் பலகை, மற்றது கம்பத்தில் இருந்த மஞ்சள் அம்புகள். கூடவே, "மாமா, ஒஷினென் ஏரிக்கு 1578 மீற்றர்தானே போட்டிருக்கு. ஒன்றரைக் கிலோமீற்றர். பின்னேரம் செருப்போட போட்டு வரலாம்" என்று ஒரு செய்தி.

அந்த 1578 m தூரம் இல்லை. ஏரி கடல் மட்டத்தில் இருந்து அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. சில பலகைகளில் m ü. M. என்று எழுதியிருப்பார்கள், அப்போது சந்தேகம் வராது. வெறும் m மட்டும் இருந்தால்தான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். கண்டர்ஷ்டேக் ஊர் 1176 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால் 402 மீற்றர். அவன் ஏறவேண்டியது அது. கோணேசர் கோயிலுக்கு ஏறுவதை மட்டுமே ஏற்றம் என்று அறிந்த பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. அம்பு காட்டும் நேரப்படி போனாலும் ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஆகும்.

கிலோமீற்றரை அம்பில் தேடாதீர்கள். சுவிஸ் மஞ்சள் அம்புகளில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது நேரம்: h என்றால் மணித்தியாலம், min என்றால் நிமிடம். நல்ல தட்டைப் பாதையில் மணித்தியாலத்துக்கு 4.2 கிலோமீற்றர் நடக்கிறவரை வைத்து, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். இளைப்பாறுகிற நேரமும் படம் எடுக்கிற நேரமும் அதில் இல்லை. பிள்ளைகளையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போனால் பாதியையாவது கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே அம்பில் இரண்டு மூன்று பெயர் இருந்தால், எல்லா நேரமும் நீங்கள் நிற்கிற கம்பத்தில் இருந்து எண்ணியவை. சிலர் அவற்றைக் கூட்டிப் பார்த்து, நாள் முழுக்கத் தேவை என்று பயந்து திரும்பிவிடுகிறார்கள். திரும்பி வருகிற நேரத்தையும் இந்த அம்பு சொல்லாது. அது அந்தப் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும். இறக்கம் என்பதால் எண்ணும் வேறாக இருக்கும்.

கம்பத்தில் பெயரும் உயரமும் மட்டும் எழுதிய வெள்ளைப் பட்டை ஒன்றும் இருக்கும். அது நீங்கள் நிற்கிற இடம். அவசரத்துக்கு மீட்புக்காரருக்குச் சொல்லவேண்டியதும் அந்தப் பெயர்தான். அதனால் அதையும் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடினம். பாதை எவ்வளவு கஷ்டம் என்று எழுத்தில் தேடினால் கிடைக்காது, நிறத்தில்தான் இருக்கிறது. அம்பு முழுக்க மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. மஞ்சள் அம்பின் கூர்முனையில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று கோடு இருந்தால் மலைப்பாதை. செங்குத்தாக, ஒடுக்கமாக, ஒரு பக்கம் பள்ளமாக இருக்கக்கூடும். மோசமான இடத்தில் பிடிக்கக் கயிறோ சங்கிலியோ கட்டியிருப்பார்கள். அடி பிடிக்கிற சப்பாத்து வேண்டும், பள்ளத்தைப் பார்த்துத் தலை சுற்றாதவராகவும் இருக்கவேண்டும். அம்பே நீலமாகி, முனையில் வெள்ளை, நீலம், வெள்ளை இருந்தால் அது உயர்மலைப் பாதை: தடமே இல்லாத கல்மேடு, பனிப்படலம், சில இடத்தில் பனியாறு, கையால் பிடித்து ஏறுகிற பாறை. பழகியவர் ஒருவர் கூட இல்லாமல் புதிதாக வந்தவர் அதில் கால் வைக்கவேண்டாம்.

மலைக்காரர்களின் நூல்களிலும் செயலிகளிலும் T1 முதல் T6 வரை ஒரு தரவரிசை பார்ப்பீர்கள். மஞ்சள் பாதை ஏறத்தாழ T1. வெள்ளை-சிவப்பு-வெள்ளை T2, T3. நீலம் T4 இல் தொடங்குகிறது. T3 என்றதும் ஆறில் பாதி, நடுத்தரம் என்று எடுக்காதீர்கள். விழுந்தால் எழும்ப முடியாத இடங்கள் T3 இலேயே வந்துவிடும்.

எனக்கு வருகிற படங்களில் அதிகம் பிழைப்பது இங்கேதான். எழுத்து வாசிக்கத் தெளிவாக இருக்கட்டும் என்று நெருங்கி எடுப்பார்கள், அம்பின் முனை வெட்டுப்பட்டுவிடும். மஞ்சளில் கறுப்பு எழுத்து அழகாகத் தெரியும், பாதை எந்த வகை என்பது போய்விடும். மருமகனின் படத்திலும் ஓர் அம்பின் முனை இல்லை. "கம்பம் முழுக்கத் தெரியிற மாதிரி நாலடி தள்ளி நிண்டு எடு, கீழ கட்டியிருக்கிற பேப்பரையும் எடு" என்று சொன்னேன். இரண்டாவது படத்தில்தான் சிவப்புக் கோடு தெரிந்தது. அது ஏரிக்கும் மேலே, ப்ளூம்லிஸ்அல்ப் மலைக்குடிலுக்குப் போகிற அம்பு. குடில் 2840 மீற்றரில் இருக்கிறது. ஏரிக்கரையில் வெயில் எரிக்கிற ஜூன் மாதத்திலும் அந்த உயரத்தில் பழைய பனி கிடக்கும்.

கீழே கட்டியிருக்கிற பேப்பரை ஏன் கேட்டேன் என்றால், நிலையான பலகை பழையது, அன்றைய நிலவரம் அதில் இருக்காது. ஒஷினென் ஏரிக்கு மேலே ஷ்பிட்ஸ ஷ்டை என்ற மலைமுனை தளர்ந்து நகர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் அந்தப் பகுதியில் பாதைகளை மூடுவதுண்டு. Gesperrt என்றால் மூடியாயிற்று. "கவனமாகப் போகலாம்" என்று அதற்கு அர்த்தம் இல்லை. Steinschlag என்றால் கல் விழும் இடம், அங்கே நின்று சாப்பிடவோ படம் எடுக்கவோ வேண்டாம். மூடிய பாதைகள் swisstopo செயலியின் வரைபடத்திலும் தெரியும். வீட்டில் இருந்து புறப்படமுன் ஒருக்கால் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் ஆபத்து ஆற்றங்கரைப் பலகைதான். தண்ணீரைக் கண்டால் இறங்காமல் இருக்கமாட்டோம். மின்நிலையத்துக்குக் கீழே ஓடுகிற ஆறுகளில், பொங்கி வருகிற தண்ணீருக்கு முன்னால் ஒருவர் ஓடுகிற மாதிரி படம் போட்டு, Lebensgefahr என்று எழுதியிருப்பார்கள். உயிராபத்து. மழை பெய்யாத, வானம் நீலமாக இருக்கிற நாளிலும் மேலே அணையில் இருந்து தண்ணீரைத் திறந்தால் கணுக்கால் ஆறு சில நிமிடத்தில் இழுத்துக்கொண்டு போகும். ஆற்றின் நடுவில் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிற கல்மேடுதான் பாய் விரிக்க வசதியாகத் தெரியும். அங்கே இருக்கிறவர்தான் கரைக்கு வர முடியாமல் மாட்டிக்கொள்வார். நாங்கள் மழையைப் பார்த்துத்தான் வெள்ளத்தை எதிர்பார்த்துப் பழகியவர்கள், அந்தப் பழக்கம் அங்கே உதவாது.

மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கிற மாட்டின் படம் போட்ட பலகை கண்டால் கன்றைத் தடவப் போகாமல் தள்ளி நடவுங்கள். இராணுவம் சுட்டுப் பழகுகிற பள்ளத்தாக்குகளில் வெடிக்காத குண்டு பற்றிய பலகை இருக்கும்: தொடாதே, அடையாளமிடு, அறிவி என்று மூன்று கட்டளை. இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. அறிவிக்கவேண்டிய இலக்கம் பொலிஸ், 117. மலையில் விழுந்து அடிபட்டால் ஹெலிகொப்டர் மீட்புக்கு 1414.

படம் அனுப்பிவிட்டு என் பதிலுக்காகக் கம்பத்தடியில் காத்து நிற்காதீர்கள். சுவிசில் பின்னேரம் ஏழு மணி என்றால் கோடையில் இங்கே இரவு பத்தரை, நான் படுத்திருப்பேன். படத்தை முதல்நாளே அனுப்புங்கள்.