ஏஆர்பி ஸ்பூஃபிங் லேப் ரிப்போர்ட்: எதை, எப்படி எழுதுவது?

செய்முறைப் பகுதியை லேப் அமைப்பிலிருந்து தொடங்குங்கள். தாக்கும் கணினி, இலக்குக் கணினி, கேட்வே மூன்றின் ஐபி, மேக் முகவரிகளையும் ஒரு சிறு அட்டவணையில் கொடுங்கள். தாக்கும் கணினியில் ஐபி ஃபார்வர்டிங் இயங்கியதா என்பதையும் எழுதுங்கள். அது இல்லையென்றால் இலக்குக் கணினியின் இணைப்பே அறுந்துவிடும். இடைமறிப்பு என்று நீங்கள் எழுதுவது உண்மையில் சேவை முடக்கமாகத்தான் இருக்கும்.

மதிப்பெண் பெரும்பாலும் குறைவது சான்றில்தான். தாக்கும் கருவியின் ஸ்கிரீன்ஷாட் நீங்கள் பாக்கெட் அனுப்பியதை மட்டுமே காட்டும், இலக்கு ஏமாந்ததைக் காட்டாது. அதனால் இலக்குக் கணினியில் தாக்குதலுக்கு முன்னும் பின்னும் `ip neigh` கொடுத்துப் பதிவு செய்யுங்கள். கேட்வேயின் ஐபி அதேபடி இருக்க, மேக் மட்டும் தாக்கும் கணினியுடையதாக மாறியிருக்க வேண்டும். பாக்கெட் பதிவையும் இலக்குக் கணினியிலேயே எடுங்கள். தாக்கும் கணினியில் எடுத்தால் ஒரே பாக்கெட் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் பதிவாகி, வயர்ஷார்க்கில் மறு அனுப்பல் போலத் தெரிந்து குழப்பும். பதிவை முடித்த உடனே ஹாஷ் எடுத்து ரிப்போர்ட்டில் சேருங்கள்:

```
sha256sum arp.pcap
```

நெறி எல்லைக்கு “கல்விக்காக மட்டும்” என்ற ஒற்றை வரி போதாது. யார் அனுமதித்தார், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எந்த முகவரிகள் என்று எழுதுங்கள். விர்ச்சுவல் மெஷின்கள் பிரிட்ஜ்டு முறையில் இல்லாமல் இன்டர்னல் நெட்வொர்க்கில் இருந்ததற்கு அமைப்புப் பக்கத்தின் படத்தை இணையுங்கள். பிரிட்ஜ்டு என்றால் போலி ஏஆர்பி கல்லூரி நெட்வொர்க்குக்கே போய்விடும். சோதனைக்குப் போலிக் கடவுச்சொல்லையே பயன்படுத்துங்கள். கடைசியாக, ஏஆர்பி அட்டவணை பழைய நிலைக்குத் திரும்பியதையும் காட்டுங்கள்.