செல்வமகள் சேமிப்பு: படிப்புக்குப் பணம் எடுக்கப் போகும்போது தெரியவரும் தவறுகள்

தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்தச் செல்வமகள் கணக்கை இங்கே எந்த வங்கியில் திறக்கலாம்?" எந்த வங்கியிலும் முடியாது. அது இந்திய அரசின் திட்டம். சுகன்யா சம்ரிதி என்பது அதன் அதிகாரபூர்வப் பெயர், 2015 ஜனவரியில் தொடங்கியது. இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகளான பெண்பிள்ளைக்குத்தான் கணக்கு. கந்தோருக்கு அலைந்து பயனில்லை. நம் பிள்ளைக்கு அரசாங்க உத்தரவாதத்தோடு சேமிக்க வேண்டுமென்றால் தேசிய சேமிப்பு வங்கி இருக்கிறது, ஆனால் அதன் சிறுவர் கணக்குகளுக்கு வேறு விதிகள். காணொளியில் கேட்ட வட்டியையும் வரம்பையும் அங்கே போய்ச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

அப்படியென்றால் இங்குள்ளவர்களுக்கு இது எதற்கு? திருச்சிக்கும் சென்னைக்கும் கல்யாணம் செய்து போன பெண்பிள்ளைகள் நம் பக்கத்தில் கொஞ்சப் பேரா? களுவாஞ்சிக்குடியிலிருந்து திருச்சிக்குப் போன ஒரு தங்கச்சியை எடுத்துக்கொள்வோம். கணவர் இந்தியர், மகள் அங்கேயே பிறந்த இந்தியக் குடிமகள். அவர்கள் கணக்குத் திறக்கலாம். பணத்தைக் கொஞ்சம் நாங்களும் போடுகிறோமே என்று ஊரிலிருந்து அம்மம்மா ஆசைப்படுவார். முதல் சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

கணக்கைத் திறந்து நடத்த வேண்டியது பிள்ளையின் தாய் அல்லது தகப்பன், அவர்கள் இல்லாவிட்டால் சட்டப்படியான பாதுகாவலர். அம்மம்மாவும் அப்பப்பாவும் தங்கள் பெயரில் பாதுகாவலராகத் திறந்துவிட்ட கணக்குகள் இந்தியாவிலேயே நிறைய இருந்தன. அவற்றைப் பெற்றோர் பெயருக்கு மாற்றவேண்டும் என்று 2024இல் அறிவுறுத்தினார்கள். ஆகவே பாசம் பாசமாக இருக்கட்டும், படிவத்தில் பெற்றோர் பெயர் இருக்கட்டும்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. இந்தத் திட்டத்தில் 'ஒரு வருடம்' என்பது ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை. நமக்கு வருடம் என்றால் ஜனவரிதான் மனதில் நிற்கும், அதில்தான் தடுக்கி விழுகிறார்கள். வருடத்துக்குக் குறைந்தது 250 இந்திய ரூபாய், கூடியது 1,50,000 இந்திய ரூபாய். 2024 ஏப்ரலில் ஒரு இலட்சம் போட்டுவிட்டு, 'புது வருடம் பிறந்துவிட்டது' என்று 2025 ஜனவரியில் இன்னொரு இலட்சம் போட்டால் இரண்டும் ஒரே நிதியாண்டில்தான் விழும். வரம்புக்கு மேலான 50,000க்கு வட்டி கிடையாது, அதைத் திருப்பிக் கொடுப்பார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: ஏப்ரலில் ஒரு தடவை, அடுத்த மார்ச்சில் ஒரு தடவை போட்டவர் இரண்டு வருடம் கட்டிவிட்டதாக நினைப்பார். உண்மையில் கட்டியது ஒரு வருடம்தான். ஒரு ஆண்டு தவறிப்போனால், அந்த ஆண்டுக்கான 250உடன் 50 ரூபாய் அபராதமும் கட்டிச் சரிசெய்யலாம். பெரிய இழப்பில்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் கணக்கு தவறிய கணக்காகவே கிடக்கும்.

இந்திய ரூபாய் என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் காரணம் உண்டு. காணொளியில் 'ஒன்றரை லட்சம்' என்பதை நம் ரூபாயாக நினைத்துக்கொண்டு ஊரிலுள்ளவர்கள் கணக்குப் போடுகிறார்கள். நம் காசில் அது அதற்கு மூன்று மடங்குக்கும் மேல்.

ஆனால் இதிலெல்லாம் பெரிய தவறு, படிப்புக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தப்பாக விளங்கிக்கொள்வது. 21 வயதில் முழுப் பணமும் வரும் என்று பலர் சொல்வார்கள். 21 என்பது பிள்ளையின் வயது அல்ல, கணக்குத் திறந்த நாளிலிருந்து எண்ணும் வருடங்கள். கணக்கு 10 வயதுக்குள் திறக்கவேண்டும். 9 வயதில் திறந்தால் முதிர்வு அவளுடைய 30 வயதில். காசு கட்டுவது முதல் 15 வருடம் மட்டும், பிந்திய 6 வருடம் கட்டாமலே வட்டி சேரும்.

அப்போ படிப்புச் செலவுக்கு? மகள் 18 வயதைத் தொட்டாலோ பத்தாம் வகுப்புச் சித்தியடைந்தாலோ, எது முதலில் வருகிறதோ அதற்குப் பிறகு எடுக்கலாம். (அது தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு, நம் சாதாரண தரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எடுக்கக்கூடியது, விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தின நிதியாண்டின் முடிவில் இருந்த நிலுவையில் பாதி வரைதான். அதுவும் கல்வி நிறுவனம் கேட்கும் கட்டணத்துக்கு மேல் போகாது. கட்டணம் ஒரு இலட்சம் என்றால், பாதி நாலு இலட்சமாக இருந்தாலும் கைக்கு வருவது ஒரு இலட்சமே.

திருச்சித் தங்கச்சியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 24,000 ரூபாய், ஒவ்வொரு ஏப்ரல் முதல் வாரத்திலும் கட்டுகிறார், வட்டி 8.2 வீதம் என்று வைப்போம். மகளுக்கு 9 வயதில் தொடங்கினால், 18ஐ எட்டும்போது ஒன்பது தடவை கட்டியிருப்பார். நிலுவை சுமார் 3,27,000. படிப்புக்கு எடுக்கக்கூடிய பாதி சுமார் 1,63,500. அதே தொகையை மகளுக்கு 1 வயதில் தொடங்கியிருந்தால் 15 தடவையும் கட்டி முடித்து, அதன்மேல் இரண்டு வருட வட்டியும் சேர்ந்திருக்கும். நிலுவை சுமார் 8,38,000, பாதி சுமார் 4,19,000. கூடுதலாகக் கட்டியது 1,44,000, எடுக்கக்கூடியதோ ஏறக்குறைய 2,55,000 கூடிவிட்டது. 9 வயதில் தொடங்குவது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் கல்லூரிச் செலவை இந்தக் கணக்கு ஒன்றே தாங்கும் என்று நம்பியிருந்தால், கட்டணக் கடிதம் வந்த அன்றுதான் மூச்சு வாங்கும்.

8.2 வீதமும் கல்வெட்டு இல்லை. வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிவிப்பார்கள். 2020இல் 7.6 ஆக இருந்தது, 2024 ஜனவரியில் 8.2 ஆக்கினார்கள். ஆகவே மேலே உள்ள எண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தே திட்டமிடுங்கள்.

கட்டும் நாளும் கவனிக்கவேண்டியது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குப் பிறகு மாத முடிவு வரை இருந்த மிகக் குறைந்த நிலுவைக்குத்தான் அந்த மாத வட்டி. ஏப்ரல் 10இல் கட்டினால் ஏப்ரல் மாதம் போய்விட்டது. 24,000ஐ ஏப்ரல் 3இல் கட்டாமல் மார்ச் கடைசியில் கட்டுபவர், 8.2 வீதத்தில் வருடத்துக்கு 1,968 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். நிறையப் பேர் மார்ச் இறுதியில்தான் ஓடிப்போய்க் கட்டுகிறார்கள், பழக்கம்.

எடுக்கும்போது மகள் 18ஐக் கடந்துவிட்டால் கணக்கை நடத்துவது அவளே, கையெழுத்தும் அவளுடையது. அனுமதி உறுதியானதைக் காட்டும் கடிதமோ கட்டணச் சீட்டோ தேவை, 'இடம் கிடைக்கும் போல' என்ற நிலையில் எதுவும் வராது. ஒரேயடியாக எடுக்கலாம், அல்லது வருடத்துக்கு ஒரு தடவை வீதம் ஐந்து வருடம் வரை பிரித்தும் எடுக்கலாம். நாலு வருடப் பொறியியல் படிப்பென்றால், ஒவ்வொரு வருடக் கட்டணத்துக்கும் தனித்தனியாக எடுப்பதையே நான் சொல்வேன். எடுக்காமல் கிடக்கும் மிச்சத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.