திரைகடல் ஓடியும் திரவியம் தேடு: ஒரு பழமொழியை வாதமாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பெரும்பாலான பழமொழிகளில் முடிவு மட்டும்தான் வெளியே தெரியும். அந்த முடிவுக்குக் கொண்டுபோன காரணங்களைக் கேட்பவரே போட்டு நிரப்பிக்கொள்கிறார். அதனால்தான் பழமொழியை மறுத்துப் பேசுவது சிரமமாக இருக்கிறது. சொல்லாத காரணத்தை எப்படி மறுப்பது? முதல் வேலை அந்தக் காரணங்களை வெளியே எடுத்து எழுதுவது. சரியா தவறா என்று பார்ப்பது அதற்கப்புறம்.

இதைப் பழக, செட்டிநாட்டில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு.' இந்த வரி செட்டிநாட்டில் சொல்லாக மட்டும் இருக்கவில்லை. பல தலைமுறைகள் இதன்படி நடந்தும் பார்த்திருக்கின்றன. ஆகவே, சோதித்துப் பார்க்கச் சான்றும் கைவசம் இருக்கிறது.

படி 1: கட்டளையைக் கூற்றாக மாற்றுங்கள்

'தேடு' என்பது கட்டளை. கட்டளை உண்மையாகவும் இருக்காது, பொய்யாகவும் இருக்காது. அதைச் சோதிக்க வேண்டுமானால் கூற்றாக மாற்றி எழுத வேண்டும். ஒரு தாளின் அடியில் இப்படி எழுதுங்கள்: 'கடல் கடந்து போக நேர்ந்தாலும் ஒருவர் பொருள் தேடத்தான் வேண்டும்.' இதுதான் முடிவு. மேலே இடம் விட்டு வையுங்கள், காரணங்கள் அங்கே வரும்.

இந்தப் படியிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். 'கடல் கடந்து போய்த்தான் பொருள் தேட வேண்டும்' என்று எழுதிவிடுகிறார்கள். பழமொழி அப்படிச் சொல்லவில்லை. 'ஓடியும்' என்பதில் உள்ள 'உம்' ஓர் எல்லையைக் காட்டுகிறது: அவ்வளவு தூரம் போக வேண்டி வந்தாலும் தயங்காதே என்பது பொருள். பக்கத்து ஊரில் கிடைத்தால் பக்கத்து ஊரிலேயே தேடலாம், அதற்கு இந்த வரி தடை சொல்லாது. இதைக் கவனிக்காமல் விட்டால், பழமொழி சொல்லாத ஒன்றை மறுத்துவிட்டு, பழமொழியையே மறுத்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

சில சமயம், ஒரு வரி எந்த இடத்தில் வருகிறது என்பதே அதன் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். இங்கே அந்த உதவி கிடைக்காது. இது ஔவையாரின் கொன்றை வேந்தனில் வரும் வரி, அந்த நூல் அகர வரிசையில் போகிறது. முன்னால் இருப்பது தாயைப் பற்றிய வரி, பின்னால் வருவது தீராக் கோபத்தைப் பற்றியது. எழுத்து வரிசைதான் இவற்றை அடுத்தடுத்து உட்கார வைத்திருக்கிறது.

படி 2: சொல்லாமல் விட்ட காரணங்களை எழுதுங்கள்

'எது உண்மையாக இருந்தால் இந்த முடிவு நியாயமாகும்?' என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். நான்கு அல்லது ஐந்து காரணங்கள் வந்தால் போதும். இந்த வரிக்கு இவை:

1. வாழ்க்கைக்குப் பொருள் தேவை.
2. இருக்கும் இடத்தில் அது போதிய அளவு கிடைக்காமல் போகலாம்.
3. கடலுக்கு அப்பால் அது கிடைக்கும்.
4. போவதால் இழப்பதைவிடப் பெறுவது பெரிது.
5. தேடிய பொருள் தேடியவர் கையில் நிலைக்கும்.

ஒவ்வொரு காரணத்தையும் எழுதியதும் அதை விரலால் மறைத்துவிட்டு, மற்றவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடிகிறதா என்று பாருங்கள். வர முடிந்தால் மறைத்த காரணம் அனாவசியம், அடித்துவிடலாம். உதாரணமாக, 'உழைப்பு உயர்வு தரும்' என்பதைச் சேர்க்கத் தோன்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது இல்லாமலேயே முடிவு நிற்கிறது. ஐந்தாவதை மறைத்துப் பாருங்கள், வாதம் உடனே ஆட்டம் காணும். கையில் தங்காத பொருளுக்காக ஏன் கடல் கடக்க வேண்டும்?

இங்கே இரண்டு பிழைகள் வரும். ஒன்று, முடிவையே வேறு வார்த்தையில் காரணமாக எழுதுவது ('எங்கிருந்தாலும் பொருள் சேர்ப்பது நல்லது' என்பது போல). மற்றொன்று, காரணத்தை வேண்டுமென்றே பெரிதாக்குவது. 'கடலுக்கு அப்பால் போன எல்லோருக்கும் கிடைக்கும்' என்று எழுதினால் ஒரே ஓர் எதிர் உதாரணத்தில் அது விழுந்துவிடும். அப்படி விழுவது நீங்கள் எழுதிய காரணம்தான், பழமொழி அப்படியே நிற்கும். முடிவைத் தாங்கத் தேவையான அளவுக்கு மேல் ஒரு சொல்கூடக் கூட்டாதீர்கள்.

படி 3: ஒவ்வொரு காரணத்தையும் நடந்ததோடு ஒட்டிப் பாருங்கள்

முதல் காரணத்தில் யாருக்கும் தகராறு இல்லை, கடந்து போகலாம். இரண்டாவது செட்டிநாட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. மழை வந்து கண்மாய் நிறைந்தால்தான் விவசாயம். குடிக்கிற தண்ணீருக்கே ஊருணியையும் கூரையில் விழும் மழையையும் நம்பிய ஊர்கள் இவை.

மூன்றாவதும் நின்றது. கீழ்ப் பர்மா 1852இல் ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி கழிமுகத்தில் காட்டை வெட்டி நெல் பயிரிட்ட விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது, ஐரோப்பிய வங்கிகள் அவரிடம் போகவில்லை. அந்த இடத்தைச் செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் நிரப்பினார்கள்.

நான்காவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பர்மாவில் இருந்த வட்டிக்கடையை முதலாளிக்காக நடத்தப் போகும் ஏஜெண்டின் தவணை பொதுவாக மூன்று வருடம், மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே இருப்பார்கள். பெறுவது பெரிது என்று கணக்குப் போடும்போது, இழப்பு யார் பங்கில் விழுகிறது என்பதைப் பழமொழி சொல்லவில்லை. தேடப் போனவருக்கு லாபமாகத் தெரிவது, மூன்று வருடம் தனியாகக் குடும்பம் நடத்திய ஆச்சிக்கும் அப்படியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'யாருக்கு' என்ற சொல்லை இந்தக் காரணத்தின் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்தப் பழமொழியைப் பிரித்தாலும் இந்தக் கேள்விக்கு ஓரிடம் இருக்கும்.

உடைவது ஐந்தாவது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் பர்மாவைத் தொட்டது. நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய விவசாயியால் பணமாகத் திருப்பித் தர முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 பங்கு ஆனது. கணக்கில் சொத்து கூடியது போலத்தான் தெரியும். ஆனால் பணத்தை உண்டியல் என்ற பணச்சீட்டு மூலம் ஊருக்கு அனுப்பலாம், நிலத்தை அனுப்ப முடியாது. நிலம் கைமாறியதால் உள்ளூர் மக்களின் பகையும் வளர்ந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது, லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே எல்லை தாண்டினார்கள். சுதந்திர பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது.

இதை வைத்து 'பழமொழி பொய்' என்று எழுதிவிடாதீர்கள். உடைந்தது ஐந்தாவது காரணம் மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட வகையில்: தேடியது இடம்பெயர்க்க முடியாத சொத்தாக மாறியபோது. அதற்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்த பணம் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் பர்மா தேக்குத் தூணாக இன்னும் நிற்கிறது.

படி 4: சான்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா?

'பெரிய வீடுகளைப் பாருங்களேன், போனவங்க எல்லாம் நல்லாத்தானே இருந்தாங்க?' என்று யாராவது கேட்பார்கள். ஒரு கட்டத்தை நான்காகப் பிரியுங்கள்: போய்ச் சம்பாதித்தவர், போய் இழந்தவர், போகாமல் சம்பாதித்தவர், போகாமல் இழந்தவர். அந்த வீடுகள் முதல் அறைக்கு மட்டுமே சாட்சி. போய் இழந்தவர் வீடு கட்டவில்லை, அவர் கதை தெருவில் தெரியாது. மற்ற மூன்று அறைகளில் எழுத ஒன்றுமே இல்லாதவரை 'போனால் கிடைக்கும்' என்ற பொதுக்கூற்றுக்கு வலு இல்லை.

முதல் அறையில் இருப்பவர்களை உற்றுப் பார்த்தால், படி 2இல் நாம் விட்டுவிட்ட ஒரு காரணமும் தெரியும். அவர்கள் தனியாகப் போகவில்லை. கடையில் தொழில் பழகிய பெட்டியடிப் பையனும், ஏஜெண்டுக்கு உதவியாளரான அடுத்தாளும், முதலாளியின் மூலதனமும் உடன் போயின. கோயிலில் கூடி, கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். ஒரு கடைக்குப் பணமுடை என்றால் இன்னொரு கடை கொடுத்தது. ஆகவே ஆறாவது காரணம்: 'போகிறவருக்கு அங்கே பிடிமானம் இருக்கிறது.' நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டிடம் பணம் கட்டி வளைகுடாவுக்குத் தனியாக விமானம் ஏறுகிறவரிடம் இதே பழமொழியைச் சொன்னால் அந்த ஆறாவது காரணம் அங்கே இருக்காது. சோதிக்கும்போது புதுக் காரணம் கிடைத்தால் தயங்காமல் பட்டியலில் சேர்த்து, விரலால் மறைத்துப் பார்க்கும் வேலையை அதற்கும் செய்யுங்கள்.

படி 5: பொதுக்கூற்றைத் தாங்கும் அளவுக்குச் சுருக்கி எழுதுங்கள்

இனி தாளின் அடியில் உள்ள முடிவைத் திருத்துங்கள்: 'உள்ளூரில் பிழைப்புப் போதாமல், வெளியே பிடிமானமும் இருந்து, சம்பாதித்ததை ஊருக்கு நகர்த்தவும் முடிந்தால், கடல் கடந்தாவது பொருள் தேடுவது பெரும்பாலும் நியாயம்.' இப்படி எழுதினால் ஓசை போய்விடும். போகட்டும், இது மனப்பாடம் செய்வதற்கு இல்லை. 'பெரும்பாலும்' என்பதற்குப் பதில் 'எப்போதும்' என்று போட உங்களிடம் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 1942க்குப் பிறகு எனக்கு அந்தத் துணிவு வராது.

எதிர்ப் பழமொழி ஒன்றைக் கொண்டுவந்து 'ஒன்றை ஒன்று அடித்துவிட்டது' என்று முடிப்பது சோம்பேறித்தனம். அதே கொன்றை வேந்தனில் 'சீரைத் தேடின் ஏரைத் தேடு' என்றும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுதினால் சண்டை இரண்டாவது காரணத்தில் மட்டும்தான் என்பது தெரியும். ஏரைத் தேடச் சொல்லும் வரி, உழுதால் விளையும் நிலமும் தண்ணீரும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. காவிரிக் கரையில் அது பொருந்தும். கண்மாய் காய்ந்த வருடம் தேவகோட்டையில் அது பொருந்தாது.

எல்லாப் பழமொழிக்கும் இந்த ஐந்து படியும் தேவைப்படாது. 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பது சறுக்கலாம் என்று மட்டும் சொல்கிறது, ஒரு யானை சறுக்கினாலே அது நிலைத்துவிடும். சறுக்காத நூறு யானைகளைக் காட்டினாலும் அதை மறுக்க முடியாது. ஆகவே தாளை எடுக்கும் முன், உங்கள் பழமொழி 'செய்' என்கிறதா, 'இப்படித்தான் நடக்கும்' என்கிறதா, 'இப்படியும் நடக்கலாம்' என்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது வகை என்றால் ஓர் உதாரணம் தேடினால் போதும்.