மார்ச் மாதத் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு? வகைவாரியாக, மாதவாரியாகக் கூட்டுவது எப்படி

எட்டு வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்புக்கு வரவு செலவு எழுதும் வேலை என் தலையில் விழுந்து சில வருடங்கள் ஆகின்றன. மாதம் பிறந்தால் போதும், யாராவது ஒருவர் மாடிப்படியில் நிறுத்தி, "போன மாசம் தண்ணி லாரிக்கு மட்டும் எவ்வளவு சார் ஆச்சு?" என்று கேட்பார். மொத்தச் செலவைச் சொல்வது எளிது. ஒரு வகைக்கு, அதுவும் ஒரே ஒரு மாதத்துக்கு என்று கேட்டால்தான் கால்குலேட்டரைத் தேட வேண்டியிருக்கும். அதை ஒரே ஃபார்முலாவில் முடிப்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நான் கூகுள் ஷீட்ஸில் செய்கிறேன். எக்செல், லிப்ரேஆஃபிஸ் கால்க் இரண்டிலும் இதே ஃபார்முலா வேலை செய்யும்.

முதலில் கணக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். A பத்தியில் தேதி, B பத்தியில் வகை, C பத்தியில் தொகை. முதல் வரி தலைப்பு.

| A தேதி | B வகை | C தொகை |
|---|---|---|
| 27-02-2025 | தண்ணீர் லாரி | 2400 |
| 01-03-2025 | காவலாளி | 14000 |
| 05-03-2025 | தண்ணீர் லாரி | 2400 |
| 10-03-2025 | மின்சாரம் | 3860 |
| 14-03-2025 | தண்ணீர் லாரி | 2400 |
| 18-03-2025 | துப்புரவு | 5500 |
| 23-03-2025 | தண்ணீர் லாரி | 2600 |
| 31-03-2025 19:40 | தண்ணீர் லாரி | 2600 |
| 01-04-2025 | காவலாளி | 14000 |
| 03-04-2025 | தண்ணீர் லாரி | 2600 |

மார்ச் மாதத் தண்ணீர் லாரியை விரல்விட்டே எண்ணிவிடலாம்: 2400, 2400, 2600, 2600. மொத்தம் 10000. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா சரியா தப்பா என்று இதை வைத்துத்தான் பார்க்கப் போகிறோம்.

தேதி என்பது ஒரு எண்

ஃபார்முலாவுக்குப் போகும் முன் இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ஷீட்டுக்கு மாதம் என்று தனியாக எதுவும் தெரியாது. ஒவ்வொரு நாளையும் அது ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 01-03-2025 என்றால் உள்ளே 45717. மறுநாள் 45718. 01-04-2025 என்றால் 45748. ஏதாவது ஒரு தேதியின் வடிவத்தை Number என்று மாற்றிப் பாருங்கள், இந்த எண் வெளியே வரும்.

ஆகவே "மார்ச் மாதம்" என்பதை ஷீட்டின் மொழியில் சொன்னால்: 45717 அல்லது அதற்கு மேல், ஆனால் 45748-க்குக் கீழே. இரண்டு எல்லைக் கற்களை நட்டு, நடுவில் இருப்பதை மட்டும் கூட்டச் சொல்கிறோம்.

எல்லைகளை எழுதுவது

F1 செல்லில் வேண்டிய மாதத்தின் முதல் தேதியை இடுங்கள். `2025-03-01` என்று வருடத்தை முன்னால் வைத்து அடித்தால் நாளா மாதமா என்ற குழப்பம் வராது. இந்தச் செல்லின் வடிவத்தை `mmmm yyyy` என்று வைத்தால் தேதி மறைந்து மாதமும் வருடமும் மட்டும் தெரியும்.

அடுத்து F2, F3:

```
F2:  =EOMONTH(F1,-1)+1
F3:  =EDATE(F2,1)
```

EOMONTH ஒரு மாதத்தின் கடைசி நாளைத் தரும். `-1` என்றால் முந்தைய மாதத்தின் கடைசி நாள், அதாவது பிப்ரவரி 28. அதோடு ஒன்று கூட்டினால் மார்ச் 1. EDATE அதிலிருந்து ஒரு மாதம் தள்ளி ஏப்ரல் 1-ஐத் தரும். இந்த இரு செல்களில் 45717, 45748 என்று எண்ணே தெரிந்தால் பயப்பட வேண்டாம், வடிவத்தைத் தேதிக்கு மாற்றினால் போதும்.

F1-லேயே மார்ச் 1 இருக்கும்போது F2 எதற்கு? ஒருமுறை எங்கள் செயலாளர் F1-இல் அன்றைய தேதியை, 15-03-2025 என்று, அடித்துவிட்டார். அப்போது என்னிடம் F2 கிடையாது. திரையில் மார்ச் 2025 என்றுதான் தெரிந்தது. ஆனால் ஷீட் மார்ச் 15 முதல் ஏப்ரல் 14 வரை கூட்டித் தந்தது. மேலே உள்ள கணக்கில் அப்படிச் செய்தால் தண்ணீர் லாரிக்கு 7800 வரும். பார்த்தால் நம்பும்படியான தொகைதான், அதுதான் ஆபத்து. இப்போது மாதத்தில் எந்த நாளை அடித்தாலும் F2 அதை முதல் தேதிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஃபார்முலா

E5 முதல் E8 வரை வகைகளை எழுதுங்கள்: காவலாளி, தண்ணீர் லாரி, மின்சாரம், துப்புரவு. F5-இல் இதை இடுங்கள்:

```
=SUMIFS($C:$C,$B:$B,E5,$A:$A,">="&$F$2,$A:$A,"<"&$F$3)
```

வாசித்துப் பார்ப்போம். முதலில் கூட்ட வேண்டிய பத்தி, C. அப்புறம் நிபந்தனைகள் ஜோடி ஜோடியாக வருகின்றன. B-இல் E5-இல் உள்ள வகை இருக்க வேண்டும். A-இல் உள்ள தேதி F2-க்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். அதே A, F3-க்குக் கீழே இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தும் வரிகள் மட்டுமே கூட்டலில் சேரும். A பத்தி இரண்டு முறை வருவது தவறில்லை, எல்லைகள் இரண்டு என்பதால் அப்படித்தான் வர வேண்டும்.

SUMIF பழகியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் கூட்ட வேண்டிய பத்தி கடைசியில் வரும், SUMIFS-இல் முதலில் வரும்.

F5-ஐ F8 வரை கீழே இழுத்துவிடுங்கள். டாலர் குறி போட்டவை நகராது, E5 மட்டும் E6, E7 என்று மாறிக்கொண்டே போகும். F6-இல் 10000 வந்ததா? வந்தால் சரி.

பூஜ்யம் வந்தால் பெரும்பாலும் மேற்கோள் குறியில்தான் கோளாறு இருக்கும். `">=F2"` என்று முழுவதையும் குறிக்குள் வைத்துவிட்டால், ஷீட் F2 என்ற செல்லைப் பார்க்காது, F2 என்ற எழுத்துகளோடு ஒப்பிடும். பிழை என்றும் சொல்லாது, பேசாமல் 0 என்று காட்டிவிட்டு இருந்துவிடும். குறிக்குள் `>=` மட்டும், பிறகு `&`, பிறகு செல்.

கடைசி நாள் மாலை

மாதக் கடைசித் தேதியை எடுத்து `"<="&EOMONTH(F1,0)` என்று போட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் போட்டிருந்தேன். கையால் தேதி மட்டும் அடித்த வரையில் ஒரு குறையும் இல்லை. பிறகு, லாரி வரும்போது கீழ்வீட்டுக்காரர் போனிலேயே பதியட்டும் என்று ஒரு கூகுள் ஃபார்ம் செய்து கொடுத்தேன். ஃபார்ம் தேதியோடு நேரத்தையும் சேர்த்து எழுதும். மார்ச் 31 மாலை 7.40-க்கு வந்த லாரி உள்ளே 45747.82 ஆனது. ஆனால் EOMONTH தருவது 45747, அதாவது மார்ச் 31 பிறந்த நள்ளிரவு. அதற்குப் பிறகு வந்த லாரி எல்லையைத் தாண்டிவிட்டதாக ஷீட் நினைத்தது. ஏப்ரல் கணக்கிலும் அது சேரவில்லை, ஏனென்றால் ஏப்ரல் 1 இன்னும் பிறக்கவில்லை. 10000 வர வேண்டிய இடத்தில் 7400 வந்தது. 2600 ரூபாய் இரண்டு மாதத்துக்கும் நடுவில் காணாமல் போனது.

அதனால்தான் அடுத்த மாதம் முதல் தேதிக்கு "கீழே" என்று எழுதுகிறோம். நேரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பிசகாது. பிப்ரவரிக்கு 28-ஆ 29-ஆ என்றும் யோசிக்க வேண்டியதில்லை.

MONTH வைத்துச் செய்யலாமே?

எக்செலில் `MONTH(A:A)` என்று SUMIFS-க்குள் நிபந்தனைப் பத்தியாகக் கொடுக்க முடியாது. அங்கே SUMIFS செல்களின் வரம்பை மட்டுமே ஏற்கும், கணக்கிட்ட விடைகளை ஏற்காது. SUMPRODUCT வைத்துச் செய்யலாம்தான். ஆனால் MONTH தருவது வெறும் 3. கணக்கு ஒரு வருடத்தைத் தாண்டியதும் 2024 மார்ச்சும் 2025 மார்ச்சும் ஒன்றாகக் கலந்துவிடும், YEAR-க்குத் தனியாக நிபந்தனை போட வேண்டிவரும். எல்லைக் கல் முறையில் அந்தத் தொல்லை இல்லை.

விடையை நம்பலாமா?

இரண்டு சோதனைகளை நான் எப்போதும் வைத்திருப்பேன். முதலாவது, வகையைப் பார்க்காமல் மாதத்தை மட்டும் வைத்துக் கூட்டி, வகைகளின் கூட்டலோடு ஒப்பிடுவது:

```
F9:   =SUM(F5:F8)
F10:  =SUMIFS($C:$C,$A:$A,">="&$F$2,$A:$A,"<"&$F$3)
F11:  =F10-F9
```

நம் கணக்கில் F9, F10 இரண்டும் 33360, ஆகவே F11 பூஜ்யம். யாராவது நடுவில் இடைவெளி விடாமல் "தண்ணீர்லாரி" என்று எழுதிவிட்டால் ஷீட்டுக்கு அது வேறு வகை. அந்தத் தொகை F11-இல் வந்து நிற்கும். மார்ச் 5-ஆம் தேதி வரியில் அப்படி ஆனால் 2400 என்று காட்டும், அந்தத் தொகையைத் தேடிப்போனால் ஆளைப் பிடித்துவிடலாம். சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. B பத்திக்கு டிராப்டவுன் வைத்துவிட்டால் இந்த வகைத் தொல்லை அநேகமாக நின்றுவிடும்.

ஆனால் தேதியே கெட்டுப்போயிருந்தால் F9, F10 இரண்டுமே அந்த வரியை விட்டுவிடும், F11 நல்ல பிள்ளையாகப் பூஜ்யம் காட்டும். அதற்குத்தான் இரண்டாவது சோதனை:

```
=COUNTA(A:A)-COUNT(A:A)-1
```

COUNTA எழுதியுள்ள எல்லாவற்றையும் எண்ணும், COUNT எண்களை மட்டும் எண்ணும், தலைப்புக்கு ஒன்று கழிக்கிறோம். விடை 0 இல்லையென்றால் அத்தனை தேதிகள் வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். நீங்கள் சீரமைப்பை மாற்றாதவரை உண்மையான தேதி செல்லின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்துத் தேதி இடது ஓரத்தில் நிற்கும்.

இது எப்படி நேர்கிறது என்றால், ஷீட் அமெரிக்க அமைப்பில் இருக்கும்போது மாதம்தான் முதலில் வரும் என்று எதிர்பார்க்கும். 14-03-2025 என்றால் பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லாததால் எழுத்தாக விட்டுவிடும். அதையாவது சோதனை பிடித்துவிடும். 05-03-2025 என்று அடித்தால் மே 3 என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடும், எந்தச் சோதனையும் கத்தாது. A பத்தியின் வடிவத்தை `dd-mmm-yyyy` என்று வைத்தால் மாதம் எழுத்தில் தெரியும், மார்ச் கணக்குக்கு நடுவில் மே எட்டிப்பார்த்தால் கண்ணில் பட்டுவிடும். கூகுள் ஷீட்ஸில் File, Settings, Locale என்று போய் India என்று மாற்றுங்கள். ஏற்கெனவே தவறாகப் பதிந்தவை அதனால் திருந்தாது, அவற்றைத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

இனி F1-இல் `2025-04-01` என்று மாற்றிப் பாருங்கள். காவலாளிக்கு 14000, தண்ணீர் லாரிக்கு 2600, மற்ற இரண்டும் 0. மார்ச் 31 இரவு லாரி ஏப்ரலில் நுழையவில்லை.