கறுத்து அடர்ந்த முடியில் கலர் ஏன் லேசில் ஏறாது?

வெள்ளவத்தையில் என் மச்சாள் கடையில் வாங்கிய பிரவுன் டையைப் பூசி, பெட்டியில் சொன்ன நேரம் முழுக்க வைத்துக் கழுவினாள். வெயிலில் நின்றால் மட்டும் லேசான செம்பட்டை, அவ்வளவுதான்.

டையில் குறை இல்லை. முடியின் மேலுறை மீன் செதில்போல அடுக்கடுக்காக மூடியிருக்கும். தடித்த முடியில் அது இறுக்கம். டையிலுள்ள காரம் அதை உப்ப வைத்த பிறகுதான் பெரொக்சைட் உள்ளே போய்க் கறுப்பு நிறமியை உடைக்கும். நிறமியும் அதிகம் என்பதால் செம்மஞ்சளைத் தாண்டவே நேரம் எடுக்கும்.

உடனே 12 சதவீத டெவலப்பருக்கு, அதாவது டையோடு கலக்கும் பெரொக்சைட் திரவத்துக்கு, தாவாதீர்கள், முடிதான் பொசுங்கும். 6 சதவீதமே போதும். மச்சாள் பிடித்த கற்றைகள் விரல் தடிப்பு, நடுவில் கலவை போகவே இல்லை. சீப்பின் வாலால் பிரித்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக எடுங்கள். அப்புறம் மின்விசிறியை நிறுத்தி, பிளாஸ்டிக் தொப்பி போடுங்கள். கலவை காய்ந்தால் வேலை நின்றுவிடும். தலைச்சூட்டில் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுக்கும், அதைக் கடைசியில் பூசுங்கள்.

முதலில் பிடரியில் ஒரு சின்னக் கற்றையில் பாருங்கள். ஈரமாக இழுக்கும்போது ரப்பர்போல நீண்டால், சரி, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.