விஞ்ஞானி பேட்டி ரெக்கார்டிங்ல இருந்து குழந்தைகளுக்கான கட்டுரை: ஒரு வௌவால் உதாரணத்தோட

கையில ஒரு விஞ்ஞானியோட பேட்டி ரெக்கார்டிங் இருக்கு, அதை எட்டு ஒம்பது வயசு குழந்தை படிக்கிற மாதிரி ஒரு சின்ன கட்டுரையா மாத்தணும், ஆனா அவங்க சொன்னது தப்பா மாறிடக்கூடாது. இதை முதல் தடவை செய்றவங்களுக்காக எழுதறேன். நான் செஞ்ச ஒரு பேட்டியவே உதாரணமா எடுத்துக்கறேன், வௌவால் ஆராய்ச்சி பண்றவங்க ஒருத்தரோட 42 நிமிஷ ஆடியோ. வௌவால் எப்படி இருட்டுல பூச்சி பிடிக்குதுன்னு கேட்டிருந்தேன்.

1. முதல்ல முழுசா கேளுங்க, எழுதாதீங்க

முதல் தடவை பேனாவே எடுக்காம கேளுங்க. ரெண்டாவது தடவை கேக்கும்போது நேரம் மட்டும் குறிங்க, "14:20 கண்ணு பத்தி", "17:40 பூச்சிய நெருங்கும்போது" இப்படி. 42 நிமிஷத்தையும் வார்த்தைக்கு வார்த்தை டைப் பண்ண உக்காந்தா பாதியிலயே களைச்சுடுவீங்க, அதுல பெரும்பகுதி கட்டுரைக்கு வராது.

இந்த கட்டத்துலயே கேள்வி ஒண்ணே ஒண்ணு முடிவு பண்ணிடணும். என் ஆடியோவுல வௌவால் எங்க தூங்குது, குட்டிக்கு எப்படி பால் குடுக்குது, எல்லாம் இருந்துச்சு, எல்லாமே அழகா வேற இருந்துச்சு. ஆனா நான் எடுத்துக்கிட்டது "இருட்டுல பூச்சி எங்க இருக்குன்னு வௌவாலுக்கு எப்படி தெரியுது" மட்டும்தான். அதுக்கு பதில் வர்ற இடங்கள் மொத்தமா சேத்தா ஆறு நிமிஷம் வரும். அந்த ஆறு நிமிஷத்தை மட்டும் வேகத்தை 0.75 வைச்சு, "ம்ம்", "அதாவது" உட்பட அப்படியே டைப் பண்ணேன்.

எண்கள் வர்ற இடத்துல மூணு தடவை கேளுங்க. பேசுறவங்க எண்ணை இங்கிலீஷ்ல சொல்லுவாங்க, ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஆடியோவுல ஒரே மாதிரி கேக்கும். வௌவால் போடுற சத்தம் "15 கிலோஹெர்ட்ஸ்"னு நான் முதல்ல எழுதிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, மனுஷங்களுக்கு சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், அப்போ 15ன்னா குழந்தைகளுக்கு கேக்கணுமே, ஆனா அதே மூச்சுல அவங்க "நமக்கு கேக்காது"ன்னு சொல்றாங்க. திரும்ப கேட்டா 50. ஒரு எண் அதே வாக்கியத்தோட மீதியோட ஒத்துப்போகுதான்னு பாத்தாலே இந்த மாதிரி தப்பு நிறைய மாட்டும்.

2. ஒரு வரிக்கு ஒரு தகவல், தயக்க வார்த்தையோட

17:40ல அவங்க சொன்னது இது: "பூச்சி தின்ற வௌவாலுங்க பெரும்பாலும் லாரிங்ஸ்ல இருந்துதான் அல்ட்ராசோனிக் சவுண்ட் விடும், டார்கெட்டை நெருங்க நெருங்க பல்ஸ் ரேட் கூடிட்டே போகும், கடைசில செகண்டுக்கு நூத்தம்பது, சிலதுல இருநூறு வரைக்கும்கூட போகும்."

இதை உடனே எளிமையாக்க போகாதீங்க, முதல்ல உடைங்க. பூச்சி தின்ற வௌவால்கள் பத்தி பேசுறாங்க. சத்தம் பெரும்பாலும் குரல்வளையில இருந்து வருது. அது நமக்கு கேக்காத சத்தம். பூச்சிய நெருங்க நெருங்க அடிக்கடி கத்துது. கடைசில நொடிக்கு 150, சில வகையில 200 தடவை வரைக்கும். ஒவ்வொண்ணும் தனி வரி, பக்கத்துல நேரம், அப்புறம் "பெரும்பாலும்", "சிலதுல", "வரைக்கும்" இதையெல்லாம் அடிக்கோடு போடுங்க.

ஏன்னா எளிமையாக்கும்போது முதல்ல காணாம போறது இந்த குட்டி வார்த்தைங்கதான். "வௌவால்கள் நொடிக்கு 200 தடவை கத்தும்"னு எழுதினா படிக்க நல்லாதான் இருக்கு, ஆனா தப்பு. சும்மா பறந்துட்டு தேடும்போது பல வௌவாலுங்க நொடிக்கு பத்து தடவை மாதிரிதான் கத்துது, 200ங்கறது பூச்சிய கவ்வப்போற கடைசி கணத்துல மட்டும், அதுவும் சில வகைகள்ல. பழம் தின்ற பெரிய வௌவால்கள்ல பெரும்பாலானதுக்கு இந்த குரல்வளை வித்தையே கிடையாது, அதுங்க கண்ணையும் மூக்கையும் நம்பி போகுது.

எல்லா தயக்க வார்த்தையையும் வைச்சுக்கவும் முடியாது, குழந்தைக்கு மூச்சு முட்டும். நான் பாக்கறது இதுதான், இந்த வார்த்தைய எடுத்தா குழந்தை நம்பப்போற விஷயம் பொய்யாகுதா? பொய்யாச்சுன்னா இருக்கணும். இல்ல வெறும் விவரம்தான் குறையுதுன்னா எடுத்துடலாம். "லாரிங்ஸ்ல இருந்து"ங்கறதுல இருக்கிற "பெரும்பாலும்" எனக்கு தேவைப்படல, ஏன்னா சத்தம் எங்க உருவாகுதுன்னு நான் எழுதவே போறதில்ல. சொல்ல வேண்டாம்னா மொத்தமா விட்டுடுங்க, பாதி மட்டும் சொல்லி தப்பாக்குறதுக்கு அது எவ்வளவோ மேல்.

3. எளிய வார்த்தை, ஆனா சரியான எளிய வார்த்தை

நான் ரொம்ப நேரம் மாட்டிக்கிட்ட இடம் இது. வௌவால் சத்தத்தோட அதிர்வெண் "ரொம்ப ஹை"ன்னு அவங்க ஆடியோவுல சொன்னாங்க. நான் எழுதின முதல் வாக்கியம்: "வௌவால் நமக்கு கேக்காத அளவு மெல்லிய சத்தம் போடும்."

தமிழ்ல மெல்லியன்னா சன்னமான குரல்னும் எடுத்துக்கலாம், மெதுவான சத்தம்னும் எடுத்துக்கலாம். குழந்தை ரெண்டாவதைத்தான் எடுக்கும். சரி "உயர்ந்த சத்தம்"னு மாத்தினா அது பலமான சத்தம்னு படும். உண்மையில வௌவால் போடுற சத்தம் பல வகைகள்ல ரொம்பவே பலமானது, நமக்கு கேக்காததுக்கு காரணம் அது மெதுவா இருக்கறது இல்ல, நம்ம காதுக்கு எட்டாத அளவு கீச்சுன்னு இருக்கறது. ரெண்டும் வேற வேற விஷயம். அதனால இதை ஒரே வார்த்தையில அடக்கற ஆசைய விட்டுட்டு ரெண்டு வாக்கியமாக்கினேன்: "வௌவால் பலமா கத்துது. ஆனா அது அவ்வளவு கீச்சுக் குரல், நம்ம காதால அதை பிடிக்க முடியாது."

"அதிர்வெண்" போய் "கீச்சு" வந்துச்சு, நீளம் கூடுச்சு, ஆனா சரியா இருக்கு. எளிமைன்னா சுருக்கம்னு நினைச்சுக்காதீங்க, பல நேரம் எளிமையான வாக்கியம் மூலத்தைவிட நீளமாத்தான் வரும்.

4. உவமைய உடைச்சுப் பாருங்க

பேட்டியில அவங்க ரேடார்னு சொன்னாங்க. எட்டு வயசு குழந்தைக்கு ரேடாரே தெரியாது, தெரியாத ஒண்ணை தெரியாத இன்னொண்ணால விளக்கறது ஆகும், அதுவுமில்லாம ரேடார்ல போறது ரேடியோ அலை, சத்தம் கிடையாது. டார்ச் வெளிச்சம் யோசிச்சேன், இருட்டுல டார்ச் அடிச்சு பாக்கற மாதிரின்னு. ஆனா டார்ச் வெளிச்சம் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நாம பாக்கறதில்ல. வௌவால் விஷயத்துல அந்த நேரம்தான் முக்கியமே, அதை வைச்சுதான் பூச்சி எவ்வளவு தூரம்னு தெரியுது.

கடைசியா சுவத்துல அடிக்கிற பந்துன்னு வைச்சேன். கிட்ட நின்னா பந்து சட்டுனு திரும்பி வரும், தள்ளி நின்னா லேட்டா வரும். இது சரியா பொருந்துது. எங்க உடையுதுன்னா, பந்துங்கறது ஒரு பொருள், சத்தம் பொருள் இல்ல, காத்து அதிர்றது. அதனால உவமைக்கு அடுத்த வரியிலேயே "வௌவால் எதையும் எறியறதில்ல, அது சத்தம் மட்டும்தான் அனுப்புது"ன்னு சேத்துட்டேன். ஒவ்வொரு உவமைக்கும் இது எங்க உடையுதுன்னு நீங்களே ஒரு வரி எழுதிப் பாருங்க, எழுத வரலைன்னா அந்த உவமைய நீங்க இன்னும் சரியா யோசிக்கலன்னு வைச்சுக்கலாம்.

எண்ணுக்கும் ஒரு பிடி வேணும். சத்தம் காத்துல நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். பூச்சி 1.7 மீட்டர் தள்ளி இருந்தா போய்ட்டு வர 3.4 மீட்டர், அதாவது நொடியில நூறுல ஒரு பங்கு. கண் சிமிட்டுறதுக்கு குறைஞ்சது நொடியில பத்துல ஒரு பங்காவது ஆகும், அதனால "நீ ஒரு தடவை கண் சிமிட்டுறதுக்குள்ள அந்த சத்தம் பத்து தடவை போய்ட்டு வந்துடும்"னு எழுதலாம். இந்த கணக்கு பேட்டியில இல்ல, நான் போட்டது. அப்படி நீங்களா சேக்கறதுக்கு வேற கலர் குடுத்து வைங்க, பின்னாடி சரிபாக்க அனுப்பும்போது அது தனியா தெரியணும்.

5. குழந்தைகிட்ட படிச்சுக் காட்டி, திருப்பி சொல்லச் சொல்லுங்க

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லா குழந்தையும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லும். அதுக்கு பதிலா "இதை உன் தம்பிக்கு நீ எப்படி சொல்லுவே?"ன்னு கேளுங்க. நான் படிச்சுக் காட்டின பொண்ணு சொன்னது: "வௌவாலுக்கு கண்ணு தெரியாதுல்ல, அதான் கத்தி கத்தி போகுது." நான் அப்படி ஒரு வரி எழுதவே இல்ல! ஆனா அவ ஏற்கனவே எங்கயோ கேட்டு நம்பியிருந்ததை என் கட்டுரை உடைக்கல, இன்னும் பலமாத்தான் ஆக்கியிருக்கு. ஆடியோவுல 14:20ல விஞ்ஞானி தெளிவா சொல்லியிருந்தாங்க, வௌவாலுக்கு கண்ணு தெரியும்னு. கேள்விக்கு வெளிய இருக்குன்னு நான்தான் விட்டிருந்தேன், திரும்ப கொண்டு வந்தேன்.

6. விஞ்ஞானிக்கு அனுப்பறது

"மேடம், சரியா இருக்கான்னு பாருங்க"ன்னு மட்டும் அனுப்பினா "நல்லா இருக்கு"ன்னு பதில் வரும், ஒரு பிரயோஜனமும் இருக்காது. வாக்கியங்களுக்கு நம்பர் போட்டு, பக்கத்துல ஆடியோ நேரம் போட்டு, ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த வாக்கியம் தப்பு? எந்த வாக்கியம் சரியா இருந்தும் குழந்தை தப்பா எடுத்துக்கும்? நான் அனுப்பினது இதுதான்:

"1. வௌவாலுக்கு கண்ணு தெரியும். (14:20)
2. ஆனா ராத்திரி இருட்டுல குட்டி பூச்சிய பிடிக்க கண்ணு மட்டும் போதாது. (14:50)
3. அதனால வௌவால் பலமா கத்துது. (16:05)
4. அது அவ்வளவு கீச்சுக் குரல், நம்ம காதால பிடிக்க முடியாது. (16:30)
5. சத்தம் பூச்சி மேல பட்டு திரும்பி வரும், சுவத்துல அடிச்ச பந்து மாதிரி. (நான் சேத்தது)
6. வௌவால் எதையும் எறியறதில்ல, சத்தம் மட்டும்தான் அனுப்புது. (நான் சேத்தது)
7. சீக்கிரம் திரும்பி வந்தா பூச்சி கிட்ட இருக்கு, லேட்டா வந்தா தூரத்துல இருக்கு. (19:10)
8. பூச்சிய நெருங்க நெருங்க வௌவால் வேக வேகமா கத்தும், சில வௌவால் கடைசில ஒரே நொடியில 200 தடவை வரைக்கும்! (17:40)"

மூணு இடத்துல குறிச்சு அனுப்பினாங்க. 1லயும் 3லயும் வெறும் "வௌவால்"னு இருக்கு, பழம் தின்ற வௌவாலும் அதுல வந்துடுதுன்னாங்க, அது நியாயம், 3ஐ "அதனால பூச்சி தின்ற வௌவால்"னு மாத்திட்டேன், 1 எல்லா வௌவாலுக்கும் உண்மைங்கறதால அப்படியே இருக்கட்டும்னு ஒத்துக்கிட்டாங்க. 8ல "வேக வேகமா கத்தும்"னா குரல் மாறுதா, எண்ணிக்கை கூடுதான்னு குழப்பம் வரும்னாங்க, "அடிக்கடி அடிக்கடி கத்தும்"னு ஆச்சு. அப்புறம் 5ல "எதிரொலி இடமறிதல்"னு சரியான பேரை சேக்கச் சொன்னாங்க. அதுக்கு மட்டும் நான் மாட்டேன்னுட்டேன், கட்டுரை நடுவுல அந்த பேரு வந்தா குழந்தை அங்கயே நின்னுடும், பந்தோட சேத்து புரிஞ்சுக்கிட்டு வந்தது அறுந்துடும்னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்போ கடைசில தனி வரியா போடலாமே, பெரியவங்க படிச்சுக் காட்டும்போது சொல்லிக்கட்டும்"னாங்க. அப்படித்தான் போட்டோம்.